தண்ணீர் மலிவு, கரைதான் காசு!

பாலாற்றில் கப்பல் விடப் போகிறார்கள், தெரியுமா?

சிரிக்காதீர்கள். சட்டமே இருக்கிறது. 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நீர்வழிகள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே இருந்த 5 நீர்வழிகளோடு ஒரே மூச்சில் இன்னும் 106 சேர்த்து, மொத்தம் 111 தேசிய நீர்வழிகள். அந்தப் பட்டியலில் பாலாறு இருக்கிறது. வைகை இருக்கிறது. பவானி, தாமிரபரணி எல்லாம் இருக்கின்றன. வைகையில் தண்ணீர் வந்தால் மதுரைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஆற்றைத்தான் தேசிய நீர்வழி என்று அறிவித்திருக்கிறார்கள். முதலில் அறிவிப்பு, அதில் படகு போகுமா என்ற ஆய்வு அப்புறம். பெரும்பாலானவை சரக்குப் போக்குவரத்துக்குத் தேறவில்லை. தேறாது என்பதைச் சொல்ல வேலூரில் யாரைக் கேட்டிருந்தாலும் இலவசமாகச் சொல்லியிருப்பார்கள்.

நான் நீர்வழிப் போக்குவரத்துக்கு எதிரி இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழும்போதெல்லாம், 'இவ்வளவு கடல் இருக்கு, ஆறு இருக்கு, எதுக்கு சார் எல்லாத்தையும் ரோட்லயே ஏத்துறாங்க?' என்று டீக்கடையில் ஒருவர் கேட்பாரே, அந்த ஆளாக நானும் இருந்தவன்தான். கையில் ஆதாரமும் வைத்திருந்தேன். நீர்வழித் துண்டறிக்கைகள் எல்லாவற்றிலும் தவறாமல் வரும் ஒரு கணக்கு அது. ஒரு குதிரைத் திறன் கொண்டு சாலையில் 150 கிலோவை நகர்த்தலாம். ரயிலில் 500 கிலோ. தண்ணீரில் 4,000 கிலோ. இதைப் படித்தபிறகு எவனாவது லாரியை ஆதரிப்பானா?

கணக்கு பொய் இல்லை. பாதிக் கணக்கு. மிதக்கிற பொருளைத் தள்ளுவது சுலபம் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அந்தப் பொருள் தண்ணீருக்கு எப்படி வந்தது, இறங்கியபிறகு எங்கே போனது, கப்பல் எத்தனை நாள் சும்மா நின்றது என்று ஒரு வார்த்தை கிடையாது. மீதிப் பாதியை நான் கற்றுக்கொண்டது நிலக்கரியிடம். நம் வீட்டு மின்விசிறியைச் சுற்றவைக்கும் நிலக்கரிதான், எனவே நீங்களும் கொஞ்சம் கூட வாருங்கள்.

ஒரிசாவில் தால்ச்சேர் சுரங்கம். அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு நிலக்கரி வருகிறது. ஒரு ரயில் ரேக்கில் நாலாயிரம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். துறைமுகத்தில் 'டிப்ளர்' என்று ஒரு இயந்திரம், வேகனை அப்படியே கவ்விப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கிறது. கொட்டிய கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறி, யார்டில் மலை மலையாகக் குவிகிறது. கப்பல் வந்ததும் பெரிய சக்கரத்தில் வாளிகள் கட்டிய இன்னொரு இயந்திரம் அந்த மலையைச் சுரண்டி மறுபடி பெல்ட்டில் போட, பெல்ட் நேராகக் கப்பலின் வயிற்றில் கொட்டுகிறது. 70,000 டன் கப்பல் என்றால் 18 ரேக் கரி. லாரிக்கு 30 டன் என்று வைத்தால் 2,300க்கும் மேற்பட்ட லாரிகள். அத்தனையையும் இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட ஒரு கப்பல் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது.

பாரதீப்பிலிருந்து எண்ணூர் சுமார் 1,000 கிலோமீட்டர். கப்பலின் வேகம் மணிக்கு 12 நாட், அதாவது 22 கிலோமீட்டர். நன்றாக சைக்கிள் மிதிப்பவர் கூடவே வருவார். ஆனால் சிக்னல் இல்லை, டோல்கேட் இல்லை, டிரைவர் தூங்கவேண்டியதில்லை. இரண்டு நாளில் வந்துவிடும். எண்ணூரில் கப்பல் அணையும் இடமே அனல் மின்நிலையத்துக்காகக் கட்டப்பட்டது. 2001இல் அந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது அதற்கு இருந்த வேலையே வடசென்னை மின்நிலையத்துக்குக் கரி இறக்குவதுதான். கிராப் அள்ளிப் போட, பெல்ட் ஓட, கரி நேராக மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. நடுவில் ஒரு லாரி கிடையாது. தூத்துக்குடி அனல் மின்நிலையமும் இதே மாதிரிதான், துறைமுகத்தின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதை யாரோ வெளிநாட்டு நிபுணர் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழ்நாடு அரசு 1974லேயே பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுகிறார்களே, அதே கழகம்தான். 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' என்று மூன்று கப்பல்கள் வாங்கி நிலக்கரி சுமக்க விட்டார்கள். மூன்று தலைவர்களையும் கரியள்ள விட்ட ஒரே அரசு நம்முடையதுதான் என்று அந்தக் காலத்தில் ஒரு ஜோக் சொல்வார்கள். இப்போது ஓடுபவை வாடகைக் கப்பல்கள். இந்தியாவில் கடலோரக் கப்பல் போக்குவரத்து உருப்படியாக, வருஷக்கணக்காக, விளம்பரம் இல்லாமல் நடக்கிறது என்று யாராவது உதாரணம் கேட்டால் இதைத்தான் காட்டவேண்டும்.

சரி, இதில் எங்கே பணம் போகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன கப்பலுக்கு ஏற்ற இரண்டு நாள், இறக்க இரண்டு நாள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். வரும்போது சரக்கு, போகும்போது? வெறும் கப்பல். சும்மா வெறுமனேகூட இல்லை, சாயாமல் நிற்பதற்காகக் கடல் தண்ணீரை டாங்குகளில் நிரப்பிக்கொண்டு போகவேண்டும். நாமக்கல் லாரிக்காரர் சென்னையில் சரக்கு இறக்கினால் புக்கிங் ஆபீஸில் படுத்திருந்தாவது ஒரு ரிட்டர்ன் லோடு பிடிக்காமல் போகமாட்டார். கரிக் கப்பலுக்கு அந்த வசதி கிடையாது. எண்ணூரிலிருந்து பாரதீப்புக்கு 70,000 டன் கொண்டுபோக நம்மிடம் எதுவும் இல்லை.

ஆக எட்டு நாளில் நாலு நாள் ஓட்டம், நாலு நாள் நிற்பு. நிற்பது துறைமுகம் காலியாக இருந்தால். புயல் சின்னம், ரேக் வரவில்லை, முன்னால் இரண்டு கப்பல் வரிசையில் நிற்கிறது, மழையில் நனைந்த கரி களிமண் மாதிரி ஆகி டிப்ளரின் வாயிலும் பெல்ட்டின் முனையிலும் அப்பிக்கொண்டது என்று ஏதாவது ஒன்று நடந்தால் நிற்பு ஆறு நாளாகும், எட்டு நாளாகும். கப்பல் வாடகை நாள் கணக்கு. கடலில் நங்கூரமிட்டு நிற்கும் ஒவ்வொரு நாளும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்தைத் தாண்டினால் டெமரேஜ் வேறு.

இப்போது தூரத்தை மட்டும் மாற்றிப் போடுங்கள். 1,000 கிலோமீட்டருக்குப் பதிலாக 200 கிலோமீட்டர். கடலூரிலிருந்து சென்னை என்று வைத்துக்கொள்ளுங்களேன். கப்பல் ஒன்பது மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் ஏற்ற, இறக்க அதே நாலு நாள்! ஓட்டம் ஒரு நாள்கூட இல்லை, நிற்பு நாலு நாள். கப்பலைச் சிறியதாக்கினால் நிற்பு குறையும். கூடவே டன்னுக்கான செலவு ஏறிவிடும். கப்பல் மலிவாக இருப்பதே அது பெரிசாக இருப்பதால்தான். அதனால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற சரக்கையெல்லாம் பக்கத்திலேயே இருக்கிற கடலில் இறக்கிவிடலாம் என்கிற யோசனை ஒவ்வொரு முறையும் பேப்பரோடு நின்றுவிடுகிறது. லாரி முதலாளிகளின் சதி என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சரக்கை ஒவ்வொரு முறை தூக்கி வைக்கும்போதும் கொஞ்சம் தூசியாகப் பறக்கிறது, கொஞ்சம் சிந்துகிறது, கொஞ்சம் காணாமல் போகிறது. 70,000 டன்னை எந்தத் தராசில் நிறுப்பது? கப்பலையேதான் தராசாக்குகிறார்கள். கப்பலின் முன்பக்கம், நடு, பின்பக்கம், இரண்டு விலாவிலும் என்று ஆறு இடங்களில் அளவுக் கோடுகள் வரைந்திருக்கும். இறக்குவதற்கு முன்னால் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, இறக்கிய பின்னால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒரு சர்வேயர் படகில் சுற்றிவந்து பார்ப்பார். அந்த இடத்துக் கடல் தண்ணீரின் அடர்த்தி, டாங்கில் இருக்கும் தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் கழித்துக் கணக்குப் போட்டு இத்தனை டன் இறங்கியது என்பார். அலை அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் பார்வை பிசகினால் அந்த அளவுக் கப்பலில் அறுபது, எழுபது டன் வித்தியாசம் வரும். இரண்டு லாரி கரி, ஒரு கண் இமைப்பில். சுரங்கத்தில் நிறுத்ததற்கும் துறைமுகத்தில் அளந்ததற்கும் இடையே சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதெல்லாம் போகட்டும், எண்ணூரில் மொத்தமாகப் பார்த்தால் லாபம்தான். அதே கரி, அதே பாரதீப், ஆனால் போகிற இடம் பஞ்சாப் என்றால்?

கற்பனை இல்லை, 2022இல் நடந்தது. ரயில் பாதைகளில் நெரிசல், ரேக் தட்டுப்பாடு என்று சொல்லி, ஒரிசா நிலக்கரியில் ஒரு பங்கை ரயில்-கப்பல்-ரயில் வழியாக எடுத்துக்கொள்ளும்படி பஞ்சாபுக்கு மத்திய மின்துறை சொன்னது. அதாவது தால்ச்சேரிலிருந்து ரயிலில் கிழக்குக் கடற்கரைக்கு வந்து, கப்பலேறி, வங்காள விரிகுடாவில் இறங்கி, இலங்கையைச் சுற்றி, அரபிக் கடலில் ஏறி, குஜராத்தில் தஹேஜ் அல்லது முந்த்ரா துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ரயிலேறி ராஜஸ்தான் வழியாகப் பஞ்சாப் போகவேண்டும். கடலில் மட்டும் சுமார் 4,000 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இது இலங்கையைச் சுற்றி லூதியானாவைத் தொடுவது.

பஞ்சாப் முதல்வர் பகவந்த் மான் எகிறிக் குதித்தார். குதித்ததில் அரசியலும் இருந்தது, அந்தத் துறைமுகங்கள் யாருடையவை என்ற கேள்வியும் இருந்தது. அவற்றை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ரயில்வேயின் சரக்குக் கட்டணம் ஒரு விசித்திரமான ஏணி. தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும். ஒரே ரயிலில் நேராகப் போனால் அந்தச் சலுகை முழுசாகக் கிடைக்கும். பயணத்தை நடுவில் வெட்டி இரண்டு ரயிலாக்கினால், இரண்டு முறையும் ஏணியின் விலை உயர்ந்த படியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். போதாததற்கு இரண்டு துறைமுகங்களின் கூலி, கப்பல் வாடகை, கூடுதலாக ஒரு முறை கொட்டி அள்ளும் சேதாரம். தண்ணீரில் 4,000 கிலோவை நகர்த்தும் அந்த ஒற்றைக் குதிரை இதையெல்லாம் இழுக்காது. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

எண்ணூருக்கும் பஞ்சாபுக்கும் என்ன வித்தியாசம்? கப்பல் ஒன்று. கடல் ஒன்று. எண்ணூரில் கப்பல் நின்ற இடத்தில் உலை இருக்கிறது. பஞ்சாபின் உலைக்குத் துறைமுகத்திலிருந்து இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது. நம் மேட்டூர் அனல் மின்நிலையம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கும் கரி கப்பலில் வந்து, துறைமுகத்தில் ரயில் மாறி, மேற்கே போகிறது. ஒவ்வொரு வருஷமும் ரயில் கட்டணம் என்ன, கப்பல் வாடகை என்ன என்று பார்த்துத்தான் அங்கே எது லாபம் என்று சொல்லமுடியும்.

'சேது சமுத்திரம் வந்திருந்தால்?' என்று கடிதம் எழுதப் பேனா எடுத்திருப்பீர்கள். வையுங்கள். பாரதீப்பிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் கரிக் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக நாலு நாள் ஆகிறது என்பது உண்மை. ஆனால் 2005இல் தொடங்கி 2007இல் நீதிமன்றத்தில் நின்றுபோன அந்தக் கால்வாய் 12 மீட்டர் ஆழத்துக்கு, சுமார் 30,000 டன் கப்பல்களுக்காகத் திட்டமிடப்பட்டது. 70,000 டன் கப்பல் முழுப் பாரத்தோடு அதில் நுழையமுடியாது. வழியைச் சுருக்குவதற்காகக் கப்பலைப் பாதியாக்கினால், பாரத்துக்கு இரண்டு கப்பல் வேண்டும், இரண்டு முறை துறைமுகத்தில் நிற்கவேண்டும். ராமர் பாலமா மணல் திட்டா என்று நாம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டோம். எந்த அளவுக் கப்பல் போகும் என்று மேடையில் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

கடல் இப்படி என்றால் ஆறு இன்னும் வம்பு.

2018 அக்டோபர் 30ஆம் தேதி கொல்கத்தாவிலிருந்து 'ரவீந்திரநாத் தாகூர்' என்ற சரக்குப் படகு 16 கன்டெய்னர்களில் குளிர்பான, நொறுக்குத் தீனி கம்பெனி ஒன்றின் சரக்கை ஏற்றிக்கொண்டு கங்கையில் கிளம்பியது. நவம்பர் 12ஆம் தேதி வாரணாசியில் பிரதமரே அதை வரவேற்றார். சுதந்திர இந்தியாவின் முதல் உள்நாட்டு நீர்வழிக் கன்டெய்னர் பயணம் என்று பத்திரிகைகளில் பெரிய பெரிய படங்கள். 16 கன்டெய்னர் என்றால் 16 லாரி. கொல்கத்தாவிலிருந்து வாரணாசிக்குச் சாலையில் சுமார் 680 கிலோமீட்டர். லாரி இரண்டு நாளில் போய்விடும். ஆற்றில் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். ஏனென்றால் சாலையை மனிதன் போட்டான், கங்கை தன் இஷ்டத்துக்கு வளைந்து ஓடுகிறது. அந்த வளைவுகளைத் துண்டறிக்கைக் கணக்கு போடுபவர்கள் கவனிப்பதே இல்லை. குதிரைத் திறனில் மிச்சம் பிடித்ததில் பாதியை வளைவிலேயே விட்டாயிற்று. சிப்ஸ் பாக்கெட் விற்பவருக்கு இரண்டு வாரம் தாமதம் என்றால் என்ன அர்த்தம் என்பது பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும்.

தூரத்தைவிட ஆழம்தான் கங்கையின் பெரிய பிரச்னை. இரண்டு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் ஆழத்துக்கு வழி ஏற்படுத்தித் தருவதுதான் உலக வங்கிக் கடனோடு நடக்கும் திட்டத்தின் குறிக்கோள். 70 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் உள்ள ஒரு பார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் 10 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் ஏறத்தாழ 75 டன் கூடுதலாக ஏற்றலாம். அதையே திருப்பிப் போடுங்கள். சொன்ன ஆழத்தில் அரை மீட்டர் குறைந்தால் 375 டன்னைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பவேண்டும். டீசல் செலவு பெரிதாகக் குறையாது, ஆட்கள் சம்பளம் அதேதான், வருமானம் மட்டும் போச்சு. அந்த அரை மீட்டர் எப்போது குறையும் என்பது கங்கைக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அது இமயமலையின் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, போன வருஷம் வழி இருந்த இடத்தில் இந்த வருஷம் திட்டு வைத்திருக்கும். மூங்கில் தட்டிகளை வரிசையாக நட்டுத் தண்ணீரை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஓட்டத்தின் வேகத்தாலேயே மணலை அரிக்கவைப்பது அங்கே பழைய வழக்கம். இப்போது தூர்வாரும் இயந்திரங்களும் உண்டு. நெடுஞ்சாலையை ஒருமுறை போட்டால் சில வருஷமாவது இருக்கும். கங்கையில் வருஷா வருஷம் புது ரோடு போடவேண்டும்.

ஆறே உதவாது என்றும் சொல்லிவிட முடியாது. கொல்கத்தா பக்கத்து அனல் மின்நிலையங்களின் சாம்பல், பார்ஜ் பார்ஜாக சுந்தரவனத்து ஆறுகள் வழியே வங்கதேசத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. விழா இல்லை, பிரதமர் இல்லை. ஏன் போகிறது? அந்த நாட்டின் சிமென்ட் ஆலைகள் ஆற்றங்கரையிலேயே கட்டப்பட்டவை. பார்ஜ் ஆலையின் வாசலில் போய் நிற்கிறது. அழுகாத, அவசரமில்லாத, ஒரே வகைச் சரக்கு. டெல்டாவில் ஆறு அகலம், சாலைதான் துண்டு துண்டு. அங்கேயும் பழைய பார்ஜுகள் அதிகப் பாரத்தோடு ஹூக்ளியில் மூழ்கி, சாம்பல் ஆற்றில் கரைந்த சம்பவங்கள் உண்டு. ஆனாலும் வியாபாரம் நடக்கிறது.

நம்ம பக்கிங்காம் கால்வாய்க்கு வருவோம். இதைத் தூர்வாரிப் படகு விடுவோம் என்று வாக்குறுதி தராத கட்சி கிடையாது. 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்ட ஆரம்பித்து, 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கூலிக்கு வைத்து நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் பக்கம்வரை 420 கிலோமீட்டர் ஓடிய கால்வாய். ஆந்திரத்திலிருந்து அரிசியும் விறகும் உப்பும் இதில்தான் சென்னைக்கு வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அந்தப் படகுகளுக்குப் போட்டி மாட்டு வண்டி. மாட்டு வண்டியை ஜெயிக்க இழு கயிறு போதும்.

1960களின் புயல்கள் கால்வாயை உடைத்துப்போட்டன. மீதியை நாம் செய்தோம். சாக்கடையை விட்டோம். 1990களில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நடப் பக்கத்தில் இடம் வாங்குவதற்குப் பதிலாகக் கால்வாய்க்குள்ளேயே நட்டோம். சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பாருங்கள். இதெல்லாம் முடிந்தபிறகு 2008இல் அதை நான்காவது தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவித்தார்கள்! தூணை விலக்கினாலும், ஆழப்படுத்தினாலும், குறுக்கே இருக்கும் பாலங்களை உயர்த்தினாலும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. இன்று அதில் எந்தச் சரக்கு, யார் வீட்டு வாசலிலிருந்து யார் வீட்டு வாசலுக்கு வரும்? கடலுக்கு இணையாக ஓடும் ஒரு சிறிய கால்வாயில் 200 டன் படகு விடுவதைவிட, பக்கத்திலேயே கடலில் பெரிய கப்பல் விடலாம். அதுவும் கட்டுப்படியாகாது என்று மேலே பார்த்தோம். கால்வாயைச் சுத்தம் செய்யவேண்டும், வெள்ளம் வடிவதற்காகச் செய்யவேண்டும், கரையில் வாழ்பவர்களுக்காகச் செய்யவேண்டும். படகு விடுவோம் என்று பொய் சொல்லிச் செய்யவேண்டியதில்லை.

கடலோரக் கப்பலுக்கென்று 2025இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. உரிமம், கொடி, அனுமதி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறார்கள். நல்லது. ஆனால் புதிய மின்நிலையத்தை, சிமென்ட் அரைவை ஆலையை, உரக் கிடங்கை எங்கே கட்டுவது என்று முடிவாகும் நாளில்தான் அதன் சரக்கு லாரியா கப்பலா என்பதும் முடிவாகிறது. கட்டி முடித்தபிறகு பக்கத்தில் ஆறு தேடுவது வீண். குஜராத்தில் அம்புஜா சிமென்ட் தன் ஆலைக்கு அருகிலேயே முல்துவாரகாவில் சொந்தத் துறைமுகம் கட்டி, 1990களிலிருந்தே மூட்டை கட்டாத சிமென்ட்டைச் சொந்தக் கப்பலில் சூரத்துக்கும் மும்பைப் பக்கத்துக்கும் அனுப்புகிறது. நம் அரியலூரில் சுண்ணாம்புக்கல் இருப்பது கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே. அரியலூர் சிமென்ட்டை ஏன் கப்பலில் அனுப்பவில்லை என்று யாரும் யாரையும் திட்டவேண்டாம். அங்கே கேட்கவேண்டியது ரயில்.

கடைசியாக எண்ணூருக்கே திரும்புகிறேன். ஏனென்றால், நன்றாக நடக்கிறது என்று நான் புகழ்ந்த அந்த இடத்திலும் ஒரு பில் பாக்கி இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் கரியும் இரும்புத் தாதும் இறக்கியதில் ராயபுரம் பக்கத்து வீடுகளில் சோற்றுத் தட்டுவரை கரித்தூசி படிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011இல் அங்கே கரி இறக்குவது நின்றது. தூசி ஒழியவில்லை, கப்பலேறி எண்ணூர் போய்விட்டது. தால்ச்சேர் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். 70,000 டன் கப்பல் ஒன்று வந்தால் 23,000 டன்னுக்கு மேல் சாம்பல் மிச்சமாகும் என்று அர்த்தம். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து உடைந்து ஒழுகி, கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் இறால் பிடித்துப் பிழைத்த காட்டுக்குப்பத்து மீனவர்களின் காலடியில் சேறு சாம்பல் சேறாகிவிட்டது. பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். டன்னுக்கு இத்தனை ரூபாய் மிச்சம் என்று மின்வாரியம் காட்டும் கணக்கில் அந்த இறாலுக்கு ஒரு வரி கிடையாது.

குட்டைக்குப் போகாத உலர்சாம்பலை சிமென்ட் ஆலைகளும் செங்கல் சூளைகளும் வாங்கிக்கொள்கின்றன. மீஞ்சூர் சாலையில் நின்று பாருங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வரும். நிலக்கரி ஆயிரம் கிலோமீட்டர் தண்ணீரில் வந்தது. சாம்பல் லாரியில் போகிறது.